பக்கத்து வீட்டுக் கடனும் என் டெபாசிட்டும்

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் இருக்கிறோம். மகள் திருமணத்துக்காக வங்கியில் 4 லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அதே கிளையில் 5 லட்சம் கடன் கொடுத்தார்கள். இந்த வாரம் நான் போய் 3 லட்சம் ரொக்கமாகக் கேட்டால், நாளை மறுநாள் வாருங்கள் என்கிறார்கள். என் பணத்தை எடுத்துத்தான் அவருக்குக் கொடுத்துவிட்டார்களா? பணம் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும் என்கிறார் என் அண்ணன். கல்லூரியில் படிக்கும் மகனோ, வங்கி கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பணம் உண்டாக்குகிறது என்கிறான். யார் சொல்வதை நம்புவது?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் பணத்தை எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. அது பெட்டகத்திலும் இல்லை. மகன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதிப் பாதியில்தான் உங்கள் கவலைக்கான பதில் இருக்கிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது ஆண்டுகள் நீலகிரியில். எத்தனையோ கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடுவதற்கு முன்பு ஒருநாளும் பெட்டகத்தைத் திறந்து, இவ்வளவு பணம் இருக்கிறதா என்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. மனுதாரரின் தோட்டத்துப் பட்டாவையும், தேயிலைத் தொழிற்சாலை கொடுத்த இலைக் கணக்குச் சீட்டையும், பழைய கடன்களை எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதையும்தான் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி எதற்காகக் கடன் வாங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை. மழையில் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து, தடுப்புச் சுவர் கட்ட வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம். கடன் அனுமதியான அன்று வங்கியின் பேரேட்டில் இரண்டு வரிகள் விழும். அவர் பெயரில் ஒரு கடன் கணக்கு தொடங்கி, அதில் 5,00,000 பற்று எழுதப்படும். அது அவர் வங்கிக்குத் தர வேண்டிய தொகை, ஆகவே வங்கியின் சொத்து. அதே நொடியில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 5,00,000 வரவு வைக்கப்படும். அது வங்கி அவருக்குத் தர வேண்டிய தொகை, ஆகவே வங்கியின் பொறுப்பு. வேலை அவ்வளவுதான். உங்கள் டெபாசிட் கணக்கு அப்போது திறக்கப்படவே இல்லை. முதல் நாள் 4 லட்சம் இருந்தது, மறுநாளும் 4 லட்சம் இருந்தது. ஆனால் ஊரில் மக்கள் கணக்குகளில் இருக்கும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், முந்தைய நாளைவிட 5 லட்சம் கூடியிருக்கும். கடன் கொடுத்ததாலேயே டெபாசிட் பிறந்துவிட்டது. இங்கிலாந்து வங்கி 2014-இல் வெளியிட்ட ஒரு விளக்கக் கட்டுரையில் இதை ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறது. டெபாசிட்டைச் சேர்த்துப் பிறகு கடன் கொடுப்பதாகப் பல பாடப்புத்தகங்கள் சொல்லும் வரிசை நடைமுறைக்குப் பொருந்தாது என்பதே அதன் சாரம்.

நம் ஊர்ச் சீட்டோடு ஒப்பிட்டால் இது எளிதாகப் புரியும். இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு 5,000 போட்டால், அந்த மாதம் சீட்டு எடுப்பவருக்குப் போவது மற்றவர்கள் போட்ட அதே பணம். போடாத பணத்தை யாரும் எடுக்க முடியாது. சீட்டில் பணம் கை மாறுகிறது. வங்கிக் கடனிலோ இரண்டு பக்கமும் புதிதாக எழுதப்படுகிறது. உங்கள் அண்ணன் மனத்தில் வங்கியை ஒரு பெரிய சீட்டுக் கம்பெனியாகவோ, நகை வைக்கும் லாக்கராகவோ நினைத்திருக்கிறார். லாக்கரில் வைத்த சங்கிலி உங்கள் சங்கிலி. அதே சங்கிலிதான் திரும்பி வரும். டெபாசிட் அப்படிப்பட்டதல்ல. நீங்கள் பணத்தைக் கொடுத்த நிமிடம் அது வங்கியின் பணமாகிவிடுகிறது. உங்கள் கையில் இருப்பது, வங்கி உங்களுக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்ற உரிமை. 1848-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பு இதை உறுதிசெய்தது. நம் நாட்டு வங்கிச் சட்டமும் அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. நீங்கள் கடன் கொடுத்தவர், வங்கி கடனாளி.

எழுதினால் பணம் என்றால் வங்கி எழுதிக்கொண்டே போகலாமே என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பதில், அந்தத் தம்பி பணத்தைச் செலவழிக்கத் தொடங்கும்போது தெரியும். கடன் வாங்கியவர் பணத்தைக் கணக்கிலேயே வைத்திருக்க வாங்குவதில்லை.

முதலில் அவர் கோத்தகிரி இரும்புக் கடையில் சிமெண்டும் கம்பியும் 1 லட்சத்துக்கு வாங்குகிறார். கடைக்காரருக்கும் அதே வங்கியில் கணக்கு. தம்பியின் கணக்கில் 1 லட்சம் குறைகிறது, கடைக்காரர் கணக்கில் கூடுகிறது. வங்கிக்குள்ளேயே ஒரு வரி இடம் மாறியது. வங்கிக்கு இதில் ஒரு ரூபாயும் தேவைப்படவில்லை.

அடுத்து, மேட்டுப்பாளையத்தில் ஒருவரிடம் மணலும் செங்கல்லும் லாரி வாடகையும் சேர்த்து 3 லட்சம். அவருக்கு வேறு வங்கியில் கணக்கு. ஆர்.டி.ஜி.எஸ். மூலம் பணம் அனுப்பப்படுகிறது. இங்கேதான் எழுத்து மட்டும் போதாமல் போகிறது. ஒவ்வொரு வங்கிக்கும் ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கு உண்டு. நம் வங்கியின் அந்தக் கணக்கிலிருந்து 3 லட்சம் கழிந்து, மேட்டுப்பாளையத்துக்காரர் வங்கியின் கணக்கில் சேர வேண்டும். அப்போதுதான் அந்த வங்கி தன் வாடிக்கையாளர் கணக்கில் 3 லட்சம் வரவு வைக்கும். ரிசர்வ் வங்கிக் கணக்கில் இருக்கும் இந்தப் பணத்தை நம் வங்கியால் எழுதி உண்டாக்க முடியாது. வெளியிலிருந்து வர வேண்டும்.

மீதி 1 லட்சத்தைக் கொத்தனார், சித்தாள் கூலிக்காக ரொக்கமாக எடுக்கிறார். இப்போதுதான் பெட்டகம் திறக்கிறது. ரூபாய் நோட்டையும் வங்கியால் உண்டாக்க முடியாது.

ஆக, ஒரே கடன் மூன்று வழிகளில் வெளியேறியது. அதில் ஒரு வழிதான் செலவில்லாத வழி. கோத்தகிரியில் இன்று ஒரு கிளை கடன் கொடுத்தால், அதில் பெரும் பங்கு இன்றோ நாளையோ கீழே இறங்கி வேறு வங்கிகளுக்குப் போய்விடும் என்பது மேலாளராக இருந்த எல்லோருக்கும் தெரியும். சரக்கு மலையேறி வருகிறது, பணம் மலையிறங்கிப் போகிறது. அந்தப் போக்கை ஈடுகட்ட எதிர்ப்பக்கத்திலிருந்து வரவு வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை வேறு வங்கியிலிருந்து உங்களுக்கு அனுப்பும் இலைப் பணம், சுற்றுலாப் பயணி விடுதிக்குக் கட்டும் வாடகை, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் நம் வங்கிக்கு ரிசர்வ் வங்கிப் பணத்தைக் கொண்டுவருகின்றன. அப்படி வந்த பணம் அடுத்த மாதமே வேறு எங்கும் போய்விடாமல் தங்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்களிடம் டெபாசிட் கேட்கிறார்கள், வட்டியும் தருகிறார்கள். பக்கத்து வீட்டுக் கடன் உங்கள் டெபாசிட்டிலிருந்து எடுக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கடன் வெளியே நடமாடும்போது வங்கி தடுமாறாமல் இருக்க உங்கள் டெபாசிட் உதவுகிறது. உங்கள் மகன் விட்டுவிட்ட பாதி இதுதான்.

வரவு போதாத நாளில் வங்கி மற்ற வங்கிகளிடம் ஓரிரவுக் கடன் வாங்கும். அல்லது அரசுக் கடன்பத்திரங்களை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் வாங்கும். இரண்டுக்கும் வட்டி உண்டு. தினமும் அப்படி வாங்கிக் காலம் தள்ளும் வங்கிக்கு லாபம் தேயும்.

சட்டம் வைத்திருக்கும் வரம்புகளும் உண்டு. மக்களுக்குத் தர வேண்டிய தொகையில் 3 சதவீதத்தை ரிசர்வ் வங்கிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். 2025-இல் படிப்படியாகக் குறைத்து நவம்பர் இறுதியில் இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு 18 சதவீதம் அரசுக் கடன்பத்திரம் போன்ற, உடனே பணமாக்கக்கூடியவற்றில் இருக்க வேண்டும். ஆனால் கடன் கொடுப்பதை உண்மையில் இழுத்துப் பிடிப்பது இவற்றைவிட மூலதனம்தான் என்பது என் அனுபவம். மூலதனம் என்பது பங்குதாரர்களின் சொந்தப் பணம். கடன்களின் ஆபத்தை எடைபோட்டு, அந்தக் கணக்கில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் குறைந்தது 11 ரூபாய் 50 காசு இருக்க வேண்டும் என்பது வணிக வங்கிகளுக்கான விதி. மூலதனம் தீர்ந்துவிட்டால், டெபாசிட் மலைபோல் குவிந்திருந்தாலும் புதுக் கடன் எழுத முடியாது. நான் வேலை பார்த்த ஒரு வங்கியில், நல்ல மனுக்கள் மேசையில் காத்திருக்க, இனி இந்தக் காலாண்டில் பெரிய கடன் வேண்டாம் என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பெட்டகத்தில் அன்று பணத்துக்குப் பஞ்சமில்லை.

எழுதிப் பிறந்த பணம் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு இது தெரிவதில்லை. அந்தக் கடன் 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு என்று வைத்தால், மாதத் தவணை சுமார் 10,624 ரூபாய். முதல் தவணையில் 4,167 வட்டி, 6,457 அசல். இலைப் பணம் வந்த அன்று தம்பியின் சேமிப்புக் கணக்கிலிருந்து 10,624 கழிகிறது. அதில் அசலான 6,457 யாருடைய கணக்குக்கும் போவதில்லை. அவருடைய கணக்கிலும் குறைகிறது, அவருடைய கடனிலும் குறைகிறது. இரண்டு பக்கமும் அழிகிறது. கடன் எழுதும்போது பிறந்த பணம், அடைக்கும்போது மறைகிறது. வட்டி 4,167 மட்டும் வங்கியின் வருமானம். உங்கள் டெபாசிட்டுக்கு 6.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 2,167 ரூபாய் வட்டி தர வேண்டும் அல்லவா, அது இப்படி வரும் வருமானத்திலிருந்துதான் வருகிறது. காசாளர் சம்பளமும், கிளை வாடகையும், அடைபடாமல் போகும் கடன்களுக்கான ஒதுக்கீடும் அதிலிருந்துதான்.

தம்பி கட்டாமல் விட்டால்? தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் பொதுவாக அது வாராக்கடனாகக் குறிக்கப்படும். வங்கி தன் லாபத்திலிருந்து ஒரு தொகையை அதற்கென ஒதுக்கியாக வேண்டும். லாபம் போதாவிட்டால் மூலதனத்தில் கை வைக்கும். உங்கள் 4 லட்சம் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஒரு தம்பி கட்டாததால் அது குறையாது. வங்கி கொடுத்த கடன்களில் பெரும் பகுதி கெட்டு, மூலதனம் முழுதும் கரைந்தால்தான் ஆபத்து உங்களை வந்தடையும். 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதன் அதிர்ச்சியில்தான் 1962 முதல் டெபாசிட் காப்பீடு வந்தது. இன்று ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த வங்கியில் உங்கள் பெயரில் வேறு பெரிய தொகை இல்லையென்றால், 4 லட்சமும் வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் காப்பீடு வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும்தான். ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டிருக்கும் டெபாசிட்டுக்கு இது கிடையாது. சீட்டுக்கும் நிதி நிறுவனத்துக்கும் கிடையாது. வாசலில் என்ன பெயர்ப் பலகை தொங்கினாலும், டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தில் பதிவு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லா வங்கிகளையும்விட இரண்டு மூன்று சதவீதம் அதிக வட்டி தருகிறோம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு வேறு எங்கும் பணம் கிடைக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

இனி, நாளை மறுநாள் வரச் சொன்ன விஷயம். உங்களுக்குப் பயம் வந்தது நியாயம். ஆனால் கிளையில் ரொக்கம் குறைவதும் வங்கியில் பணம் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு கிளைக்கும் இவ்வளவுதான் ரொக்கம் வைத்திருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. காப்பீட்டுக்காகவும் பாதுகாப்புக்காகவும் அது தேவை. சும்மா கிடக்கும் நோட்டுக்கு வட்டி வராது என்பதும் ஒரு காரணம். நான் மேலாளராக இருந்த கிளையில் மக்கள் டெபாசிட் 40 கோடியை நெருங்கியிருந்தது. பெட்டகத்தில் இரவு வைத்துக்கொள்ள அனுமதித்த ரொக்கம் 20 லட்சம். மாலையில் காசாளர் ஒரு சாவியும் நான் ஒரு சாவியுமாகப் போட்டால்தான் பெட்டகம் பூட்டும். உள்ளே இரும்புத் தட்டில் 500 ரூபாய்க் கட்டுகள் இருக்கும். ஒரு கட்டு நூறு நோட்டு, 50,000 ரூபாய். நீங்கள் கேட்ட 3 லட்சம் ஆறு கட்டு. எண்ணிப் பார்த்தால் தட்டில் மொத்தம் நாற்பது கட்டுக்கு மேல் இருக்காது. கூலி போடும் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் ஒருவர் வந்து ஆறு கட்டைக் கேட்டால், நானும் அம்மா, திங்கள்கிழமை வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் கீழே பணப் பெட்டக மையத்துக்குச் சொல்லிக் காவலோடு வண்டியில் வரவழைப்போம்.

2009 நவம்பரில் நீலகிரியில் மழை கொட்டி மலை முழுக்க மண் சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாலைகள் துண்டிக்கப்பட்டு அந்த வண்டி வரவில்லை. கவுண்ட்டருக்கு முன்னால் ஈரக் குடையோடு நின்றவர்கள், வங்கி கைவிரித்துவிட்டதா என்று கேட்டார்கள். நான் மளிகைக் கடைக்காரர்களுக்கும் பெட்ரோல் பங்குக்கும் போன் செய்து, அன்றைய விற்பனைப் பணத்தை அன்று மாலையே கட்டச் சொன்னேன். காலையில் ஆளுக்கு 5,000, 10,000 என்று நாங்கள் கொடுத்த அதே நோட்டுகள், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய், மாலையில் ஈரம் காயாமல் திரும்பி வந்தன. அதையே மறுநாள் கொடுத்தோம். சாலை திறக்கும்வரை கிளை நடந்தது. அன்று யாருடைய கணக்கிலும் ஒரு ரூபாய் குறையவில்லை, எங்கள் வங்கி நொடிந்துபோகவும் இல்லை. நோட்டுதான் மலையேற முடியாமல் கீழே நின்றது.

உண்மையான ஆபத்தின் அடையாளம் வேறு. ரிசர்வ் வங்கியே ஒரு வங்கிக்கு உத்தரவு போட்டு, ஒருவர் இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு வைக்கும். அது செய்தித்தாளில் வரும், எல்லாக் கிளைகளுக்கும் பொருந்தும், ஆன்லைனில் அனுப்பினாலும் போகாது. உங்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். 3 லட்சத்தை ரொக்கமாகக் கேட்காமல், திருமண மண்டபத்துக்காரரின் வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அன்றே போய்ச் சேர்ந்தால் வங்கிக்குப் பிரச்சினை இல்லை, கிளைக்கு நோட்டுதான் குறைவு. நகைக்கடைக்கும் மண்டபத்துக்கும் இப்படி அனுப்புவதே நல்லது. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கடைக்காரர் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாமே.

இன்னொன்று. திருமணச் செலவுக்காக டெபாசிட்டை முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி குறையும். முதிர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தால், முறிக்காமல் அதன் மேலேயே கடன் கேளுங்கள். பெரும்பாலான வங்கிகள் டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை, டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூட்டித் தருவார்கள். அப்படி 3 லட்சம் வாங்கினால், பாஸ்புத்தகத்தை மகனோடும் அண்ணனோடும் உட்கார்ந்து பாருங்கள். டெபாசிட் 4,00,000 என்று அப்படியே இருக்கும். புதிய கடன் கணக்கில் 3,00,000 பற்று இருக்கும். சேமிப்புக் கணக்கில் 3,00,000 புதிதாக வரவு விழுந்திருக்கும். அந்த 3 லட்சம் உங்கள் டெபாசிட்டிலிருந்து எடுத்ததா என்று அண்ணனிடமே கேளுங்கள்.